ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சிரிக்கிற பொம்மையா?

இந்த மாதத்தில் இது நான்காவது ஸ்லைடு. சேவையை எப்படி மேம்படுத்தலாம் என்று நிர்வாகத்திடம் பேசப் போகிறவர்கள், அதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு அனுப்பி, "சார், ஒரு தடவை பார்த்துடுங்க" என்பார்கள். திறந்தால் ஒரே படம்தான்: வாடிக்கையாளர் வந்தது முதல் போவது வரை என்ன அனுபவித்தார் என்று காட்ட வேண்டிய பயணப் படம். மேலே அம்புக்குறி போட்ட ஆறு கட்டங்கள், நடுவில் அவர் உணர்வைக் காட்டும் மஞ்சள் பொம்மை முகங்கள், கீழே சிவப்பில் 'பெயின் பாயிண்ட்', அதாவது அவர் அவதிப்படும் இடங்கள். கடைசிக் கட்டத்தில் பொம்மை கட்டாயம் சிரிக்கும்.

கடைசியாக வந்தது ஒரு மருத்துவமனை ஆய்வகத்தினுடையது. சர்க்கரை நோயாளிகள் சாப்பிடாமல் ஒரு முறை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் கொடுக்க வருவார்கள் அல்லவா, அந்தப் பயணம். ஸ்லைடில் இருந்த கட்டங்கள்: விசாரணை, பதிவு, பில்லிங், மாதிரி எடுத்தல், அறிக்கை, கருத்துப் படிவம். படித்ததும் கேட்டேன், "இது நோயாளியின் பயணமா, உங்கள் கவுண்டர்களின் வரிசையா?" பதில் இல்லை.

உங்கள் துறைகள் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்பதற்கு வேறு படம் இருக்கிறது. சர்வீஸ் புளூபிரிண்ட் என்று பெயர். லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்க மார்க்கெட்டிங் நிபுணர் அதை 1984இலேயே எழுதிவிட்டார். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதையும் திரைக்குப் பின்னால் நடப்பதையும் ஒரு கோடு போட்டுப் பிரிக்கும் படம் அது. நல்ல படம், தேவையான படம், ஆனால் பயணப் படம் வேறு. பயணப் படத்தில் கட்டத்தின் பெயர் நோயாளி வாயிலிருந்து வர வேண்டும். எந்த நோயாளியும் வீட்டுக்குப் போய், "இன்று எனக்கு மாதிரி எடுத்தல் நடந்தது" என்று சொல்வதில்லை.

சரி, நேரில் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு காலைகள் அங்கே உட்கார்ந்தேன். அனுமதி வாங்கி, பதினொரு பேரிடம் பேசினேன். அதில் ஓர் அம்மாவின் கூடவே பகல் வரைக்கும் இருந்தேன். வயது அறுபதுக்கு மேல் இருக்கும்.

முந்தின நாள் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டிருக்கிறார். 8 மணி நேரம் வெறும் வயிறு போதும். ஆனால் பஸ், டோக்கன், பில்லிங் என்று போய் அவருக்கு ரத்தம் எடுக்கும்போது காலை 8:25. ஏறக்குறைய 12 மணி நேரம் பட்டினி. "இனிமே 2 மணி நேரம் கழிச்சு வாங்கம்மா" என்றார் சிஸ்டர். அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று தேடி, கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து 8:45க்கு முதல் இட்லியைப் பிட்டார். ஊசி போட்ட நேரத்திலிருந்து 2 மணி நேரத்தை எண்ணிக்கொண்டு 10:25க்கு மாடி ஏறிப் போனார். "இன்னும் டைம் ஆகலம்மா, அப்புறம் வாங்க." எப்போது என்று யாரும் சொல்லவில்லை. 11 மணிக்கு மறுபடி போனால் முன்னால் ஒன்பது பேர். ரத்தம் எடுத்தது 11:20.

சாப்பிட ஆரம்பித்ததிலிருந்துதான் 2 மணி நேரத்தை எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் 10:45க்கு எடுத்திருக்க வேண்டிய ரத்தம், 35 நிமிடம் தாமதம். அதற்குள் சர்க்கரை இறங்க ஆரம்பித்திருக்கலாம், உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். இது எந்தப் பெயின் பாயிண்ட் பட்டியலிலும் இல்லை. ரிப்போர்ட் 1:20க்கு வந்தது. டாக்டர் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார். "நாளைக்கு வாங்கம்மா."

இப்போது அந்தப் பொம்மைகளுக்கு வருவோம். என்னை அதிகமாக எரிச்சல்படுத்துவது இவைதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆய்வகக் குழு போட்டிருந்த ஸ்லைடில் ஊசி போடும் இடத்தில் பயந்த முகம், ரிப்போர்ட் கைக்கு வரும் இடத்தில் சிரித்த முகம். அந்த அம்மாவிடம் கேட்டேன், ஊசிக்குப் பயமா என்று. "வருஷக் கணக்கா குத்திக்கிறேன் தம்பி, அது பழகிப்போச்சு. குத்தினதும் அப்பாடான்னு இருந்துச்சு, இனி சாப்பிடலாம்ல" என்றார். ரிப்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைப் பூட்டைப் பார்த்த நேரம்தான் அவருடைய நாளிலேயே மோசமான நேரம். ஸ்லைடு அப்படியே தலைகீழ்.

ஏன் இப்படி ஆகிறது? ரிப்போர்ட் கொடுத்ததும் ஆய்வகத்துக்கு வேலை முடிகிறது, அதனால் ஆய்வகம் சிரிக்கிறது. நோயாளி ரிப்போர்ட்டுக்காக வரவில்லை, மாத்திரையைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று தெரிந்துகொள்ள வந்தவர். நம் நிம்மதியை அவர் முகத்தில் ஒட்டிவிட்டால் அது உணர்வு வரிசை ஆகிவிடாது. 'பதற்றம்', 'திருப்தி' என்று மீட்டிங் அறையில் உட்கார்ந்து பெயர் சூட்டவும் வேண்டாம். அவர் சொன்ன வாக்கியத்தையே போடுங்கள், எந்தச் சம்பவத்துக்குப் பிறகு சொன்னார் என்பதோடு. 'எரிச்சல்' என்ற சொல்லைப் பார்க்கும் நிர்வாகி தலையாட்டுவார். '"எப்ப வரணும்னு சொன்னா கீழேயே இருந்திருப்பேன்" — டைம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பியபோது' என்று போட்டால் கேள்வி கேட்பார்.

பொம்மைகளுக்குப் பதில், மனநிலை ஏறி இறங்குவதைக் காட்டும் உணர்வுக்கோட்டை வரையுங்கள். அதற்கு நடுவில் ஒரு சமக்கோடு போட்டு, மேலே இரண்டு படி, கீழே இரண்டு படி வைத்தால் போதும். கேட்டுத் தெரிந்துகொண்ட இடங்களை முழுக்கோடாக வரையுங்கள், ஊகித்த இடங்களைப் புள்ளிக்கோடாக. ஸ்லைடின் மூலையில் எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று எழுதுங்கள். பதினொன்று என்றால் பதினொன்றுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் அசிங்கம்.

பெயின் பாயிண்டில் இன்னொரு திருட்டுத்தனம் நடக்கும். 'மொபைல் ஆப் இல்லை' என்று எழுதுவார்கள். அது வலி இல்லை, நீங்கள் ஏற்கெனவே வாங்க முடிவு செய்துவிட்ட மருந்து. 'காத்திருப்பு அதிகம்' என்பதும் உதவாது. எங்கே, எவ்வளவு நேரம், காரணம் தெரிந்தா தெரியாமலா? அந்த அம்மாவின் ஸ்லைடில் நான் எழுதியது: '2 மணி நேரத்தை எதிலிருந்து எண்ணுவது என்று சொல்லப்படவில்லை, இரண்டு முறை மேலே ஏறினார், ரத்தம் 35 நிமிடம் தாமதம்.' இப்படி எழுதினால் சரிசெய்ய வேண்டிய ஆள் யார் என்று அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தயவுசெய்து எல்லா நோயாளிகளையும் ஒரே ஸ்லைடில் அடைக்காதீர்கள். ஒரு ஆள், ஒரு நாள், ஒரு காரியம். கட்டங்கள் ஏழுக்கு மேல் போனால் கடைசி வரிசையில் இருப்பவருக்குப் படிக்க முடியாது. எழுத்தை 18 பாயிண்டுக்குக் கீழே இறக்காதீர்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள், அதற்குத்தானே மேடை ஏறுகிறீர்கள்.

புது ஸ்லைடில் கட்டங்கள் இப்படி அமைந்தன: இரவு சாப்பிட்டு முடித்தேன், பசியோடு வரிசையில் நின்றேன், குத்தினார்கள், படியில் சாப்பிட்டேன், மறுபடி ஏறினேன், டாக்டர் போய்விட்டார். பேச்சு முடிந்ததும் ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு பில்லை எடுத்துப் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் காட்டினார்: 'சாப்பிட ஆரம்பித்த நேரம்', 'வர வேண்டிய நேரம்'. அடுத்த வாரமே அதை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துவிட்டார்கள். இரண்டாம் முறை வருகிறவர்களுக்குத் தனி வரிசையும் வந்தது.

டாக்டர் இன்னமும் ஒரு மணிக்குத்தான் கிளம்புகிறார். ஸ்லைடில் அந்தப் புள்ளி இன்னும் அடியிலேயே இருக்கிறது.