தாளிக்கிற எண்ணெயைத் தனி வரியில் எழுதுங்கள்

சீனி வருத்தத்துக்காக என்னிடம் சாப்பாட்டு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் அநேகமாகத் தேசிக்காய்ச் சாதமோ புளிச்சாதமோ இருக்கும். சோறு எத்தனை கோப்பை, கச்சான் எவ்வளவு என்று கவனமாக எழுதியிருப்பார்கள், ஆனால் எண்ணெய்க்கு ஒரு வரியும் இருக்காது. கேட்டால், "அது தாளிதத்துக்கு விட்டதுதானே தங்கச்சி, கொஞ்சம்தான் விட்டனான்" என்பார்கள்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரியவேண்டும். பொரியல் என்றால் தாச்சியில் எண்ணெய் மிஞ்சும், குழம்பு என்றால் மேலே மிதக்கிறதை ஒதுக்கலாம். தேசிக்காய்ச் சாதத்தில் இரண்டுக்கும் வழியில்லை. தாளித்த எண்ணெய் முழுவதும் சோற்றில் கொட்டப்பட்டு ஒவ்வொரு பருக்கையிலும் ஒட்டிவிடும், அதனால் விட்ட எண்ணெய் அத்தனையும் சாப்பிட்ட எண்ணெய்தான். கணக்கெடுக்க இதைவிடச் சுலபமான சாப்பாடு இல்லை, எண்ணெய்ப் போத்தலைச் சமைக்க முன்னும் பின்னும் தராசில் வைத்தாலே போதும்.

ஒரு அக்கா அப்படிச் செய்து பார்த்தார். வீட்டில் நான்கு பேர், 400 கிராம் அரிசி, 60 கிராம் கச்சான். வித்தியாசம் 68 கிராம் வந்தது, ஏறக்குறைய ஐந்து மேசைக்கரண்டி. அவர் நினைத்திருந்தது இரண்டு. மிச்சம் எங்கே போனது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டபோதுதான் பிடிபட்டது: வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிடும்போது, ஒட்டாமல் உதிரியாக இருக்க மேலே நல்லெண்ணெய் தெளித்திருக்கிறார், அதை அவர் எண்ணெயாகவே எண்ணவில்லை. அப்புறம் பச்சைக் கச்சானைத் தாளிதத்திலேயே பொரித்திருக்கிறார். கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் வெடிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம், கச்சான் கருகாமல் பொரியவேண்டும் என்றுதான் கை மேலும் மேலும் ஊற்றுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் எண்ணெய்க்கு ஏறக்குறைய 9 கலோரி, நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் இதில் வித்தியாசமில்லை. 68 கிராமுக்கு 600 கலோரி, ஆளுக்கு 150. அரிசியில் ஆளுக்கு 360, கச்சானில் 85. மொத்தம் 600க்குக் கிட்ட வருகிறது. அக்காவின் கொப்பியில் இருந்தது 445, அதாவது சாப்பாட்டின் கால்வாசி எழுதப்படவே இல்லை. (பருப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாததால் அதை விட்டுவிட்டேன்.)

இது இவ்வளவு காலமும் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் விரலில் குத்திப் பார்க்கிற சீனி அளவில் எண்ணெய் தெரியாது. சீனியை ஏற்றுவது சோறு. எண்ணெய் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் அந்த நேரத்து அளவு சற்றுக் குறைவாகக்கூடக் காட்டலாம். அக்காவுக்கும் சீனி பரவாயில்லை, நிறைதான் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெயை ஈடுகட்டுகிறேன் என்று சோற்றைப் பாதியாகக் குறைக்கவும் வேண்டாம், இன்சுலினோ சீனியை இறக்கும் சில குளிசைகளோ எடுப்பவர்களுக்குச் சீனி திடீரென்று இறங்கிவிடும். குறைக்கவேண்டியது எண்ணெயைத்தான்.

அதற்குக் கச்சானை வெறும் தாச்சியில் வறுத்து எடுத்துவைத்து, கடைசியில் சோற்றோடு பிரட்டுங்கள். மொறுமொறுப்பும் கூடுதல் நேரம் நிற்கும். ஒரு மேசைக்கரண்டி தாளிதத்துக்கு, ஒன்று சோற்றில் தெளிக்க. ஆளுக்கு 60 கலோரிதான் எண்ணெயில் வரும், முன்னதைவிட 90 குறைவு. போத்தலைச் சரிக்காமல் கரண்டியில் அளந்து விட்டால்தான் இது நடக்கும்.

புளிச்சாதத்தில் சிக்கல் வேறு. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி ஒரு போத்தலில் வைத்துப் பல நாட்கள் எடுக்கிறோம். காய்ச்சும் அன்றே மொத்த எண்ணெயை அளந்து, எத்தனை கரண்டி புளிக்காய்ச்சல் வந்தது என்று பார்த்துப் பிரித்து, போத்தலில் ஒட்டிவிடுங்கள். 135 கிராம் எண்ணெய் விட்டு 20 மேசைக்கரண்டி வந்தால் கரண்டிக்கு 60 கலோரி. எடுக்குமுன் அடிவரை கிளறவேண்டும், இல்லாவிட்டால் முதலில் எடுப்பவருக்கு எண்ணெயும் கடைசியில் எடுப்பவருக்குப் புளியுமாகப் போய்விடும். சோற்றில் பிசையும்போது மேலே விடுகிற நல்லெண்ணெய் இந்தக் கணக்கில் இல்லை, அதற்கு இன்னொரு வரி.

போன் செயலியில் 'லெமன் ரைஸ்' என்று தேடி எடுப்பவர்கள் ஒன்றைப் பார்க்கவேண்டும். அந்த எண்ணிக்கையில் யாரோ விட்ட எண்ணெய் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதன்மேல் உங்கள் எண்ணெயையும் போட்டால் இரட்டைக் கணக்கு. வெறும் சோறு, கச்சான், எண்ணெய் என்று மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள்.