சாரிபுத்திரர் ஏன் அழமாட்டார், விமலகீர்த்தி ஏன் நோயில் படுத்தார்

பாளி நூல்களில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. புத்தரின் முதன்மைச் சீடர் சாரிபுத்திரர் மற்ற பிக்குகளிடம் சொல்கிறார்: "எது மாறினாலும் எனக்குத் துக்கம் வரும் என்று சொல்லும்படி உலகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை." உடனே ஆனந்தர் கேட்கிறார், நம் ஆசான் மறைந்தாலுமா? ஆமாம், அப்போதும் துக்கம் வராது என்கிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஆசான் நெடுங்காலம் இருந்தால் பலருக்கு நன்மையாக இருந்திருக்குமே என்று அப்போது எனக்குத் தோன்றும், என்றும் சேர்த்துச் சொல்கிறார். அதைக் கேட்ட ஆனந்தர், 'நான்', 'என்னுடையது' என்பதெல்லாம் உங்களிடம் வேரோடு போய் நெடுநாளாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்கிறார்.

பாளி நூல்களைப் பின்பற்றும் பழைய பௌத்த மரபான தேரவாதம், முழுமை பெற்ற மனிதர் என்று யாரைச் சொல்கிறதோ அந்த அரகந்தரை இந்தக் காட்சியிலேயே பார்த்துவிடலாம். மனதைக் கட்டிப்போடும் தளைகள் 10 என்பது அவர்கள் கணக்கு. முதல் மூன்று அறுந்ததும், இன்னும் அதிகபட்சம் 7 பிறவிதான் என்ற நிலை வந்துவிடும். ஆசையும் வெறுப்பும் போவது அதற்கும் பிறகு. கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்தில் 'மானம்' ஒன்று. இது நாம் சொல்லும் தன்மானம் இல்லை. நான் உயர்ந்தவன், தாழ்ந்தவன், சமமானவன் என்று எந்த வகையிலாவது தன்னை அளந்துகொண்டே இருக்கும் பழக்கம். அதுவும் அறியாமையும் போனவருக்குத்தான் அரகந்தர் என்று பெயர், அவருக்கு இனிப் பிறவி இல்லை. புத்தரும் அரகந்தர்தான். வழியை யாரும் காட்டாமல் தானே கண்டுபிடித்துப் பிறருக்கும் திறந்துவிட்டது அவருடைய தனிச்சிறப்பு, ஆனால் விடுதலை இருவருக்கும் ஒன்றே.

சரி, இப்போது பௌத்தத்தின் இன்னொரு பெரிய மரபான மகாயானத்தின் விமலகீர்த்தி சூத்திரத்துக்கு வருவோம். விமலகீர்த்தி துறவி இல்லை, வைசாலி நகரத்தில் மனைவி மக்களோடு வாழும் பணக்காரர். அவர் நோயில் படுத்திருக்கிறார். போய் நலம் விசாரித்து வா என்று புத்தர் முதலில் சொல்வது சாரிபுத்திரரிடம்தான், அவரோ தயங்குகிறார், ஏனென்றால் முன்பு மரத்தடியில் அமைதியாகத் தியானம் செய்துகொண்டிருந்தபோது, தியானம் என்பது இது இல்லை என்று விமலகீர்த்தி கண்டித்திருக்கிறார். கடைசியில் ஞானத்துக்குப் பெயர்போன போதிசத்துவர் மஞ்சுசிரீ போய், எதனால் இந்த நோய் என்று கேட்கிறார். எல்லா உயிர்களும் நோயில் இருக்கின்றன, அதனால் நானும் நோயாளி, ஒரே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றவர்களும் படுத்துவிடுவதுபோல என்கிறார் விமலகீர்த்தி.

எதுவும் தொட முடியாத மனம் ஒரு பக்கம், எல்லாம் தொட்டு நோயில் விழும் மனம் இன்னொரு பக்கம். இரண்டையும் முழுமை என்றே அந்தந்த மரபு சொல்கிறது.

மகாயானம் இதற்குத் தரும் காரணம், மனத்திரை ஒன்றில்லை, இரண்டு என்பது. ஆசை, வெறுப்பு போன்ற மாசுகள் முதல் திரை. அறிய வேண்டியதை முழுக்க அறியவிடாமல் தடுக்கும் நுட்பமான மறைப்பு இரண்டாவது. அரகந்தர் முதலாவதை நீக்கிவிட்டார், இரண்டாவது அவரிடம் மிச்சம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த இரண்டாவதும் விலகினால்தான் எந்த உயிருக்கு எந்த மருந்து என்று தெரியும். அதனால் போதிசத்துவர், அதாவது எல்லா உயிர்களுக்காகவும் புத்தராகத் துணிந்தவர், புத்தநிலையையே குறியாக வைத்து, எண்ணிக்கைக்கு அடங்காத யுகங்கள், எத்தனை பிறவி எடுத்தாலும் சரி என்று புறப்படுகிறார். அகத்தியருக்குத் தமிழ் சொன்னதாக வீரசோழியம் குறிப்பிடும் அவலோகிதர் இந்த வழியில் வந்தவர்தான்.

அரகந்தர் சுயநலக்காரர், போதிசத்துவர் தியாகி என்று பலர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அது தவறு. முதல் 60 அரகந்தர்களிடம் புத்தர் சொன்னதே, பலருடைய நன்மைக்காகப் புறப்படுங்கள், ஒரே வழியில் இரண்டு பேர் போகாதீர்கள் என்பதுதான். தேரவாதத்துக்குப் போதிசத்துவரும் புதியவர் இல்லை. சுமேதர் என்ற துறவி, கௌதமருக்கு வெகுகாலம் முன்பிருந்த தீபங்கர புத்தருக்காகச் சேற்றில் படுத்துத் தன் உடம்பையே பாதையாக்கிய கதை பாளியில் இருக்கிறது. அன்றே அவர் அரகந்தராகியிருக்கலாம், ஆனால் தான் மட்டும் கரையேறினால் போதுமா என்று நினைத்துப் புத்தராவதையே தேர்ந்தெடுத்தார், பிற்காலத்தில் கௌதமரானவர் அவரே. அப்படி ஒருவர் வருவது அரிது, மற்றவர்களுக்கு அவர் திறந்த வழியில் நடந்தாலே போதும் என்பது தேரவாதம். எல்லோரும் சுமேதராக வேண்டும் என்கிறது மகாயானம். அசல் பிளவு இந்த இடத்தில்தான்.

மகாயானத்தின் இன்னொரு நூலான தாமரைச் சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் சாரிபுத்திரர், காட்டில் மரத்தடியில் தனியாக இருந்தபோதெல்லாம் எனக்கு ஏதோ கிடைக்காமல் போய்விட்டதே என்று வருந்தினேன் என்கிறார், நீயும் எதிர்காலத்தில் பத்மபிரபர் என்ற புத்தராவாய் என்று புத்தர் சொன்னதும் மகிழ்ந்து எழுகிறார். அப்படியென்றால் அரகந்தர் அடைந்தது வழிச்சத்திரம்தான், ஊர் இன்னும் தொலைவில் இருக்கிறது. தேரவாதிகள் இதை ஏற்பதில்லை. அவர்களுடைய நூல்களில் ஒருவர் அரகந்தரானதும் திரும்பத் திரும்ப வரும் வாசகம் இது: பிறப்பு ஒழிந்தது, செய்ய வேண்டியது செய்து முடிந்தது.