கையில் இருக்கிறது, ஆனால் செல்லாது: வெளிநாட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட் முடக்கப்படும்போது

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனார். கவுன்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது முடக்கப்பட்டிருக்கிறதே, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட் அவர் கையில்தான் இருந்தது. முத்திரை, புகைப்படம் எல்லாம் சரியாக இருந்தன. உத்தரவு போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.

அன்றிரவு அவர் வக்கீலான எனக்கு போன் செய்தார். மறுநாள் ஊரில் அவருடைய அம்மாவிடம் பேசினேன். “கவர் வந்துச்சு சார். மேல எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. புள்ள வந்து பாக்கட்டும்னு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன்” என்றார். ஒன்றல்ல, இரண்டு கவர். முதலாவது, 15 நாளில் விளக்கம் கேட்ட நோட்டீஸ். இரண்டாவது, விளக்கம் வராததால் போடப்பட்ட உத்தரவு.

(அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பின்னணி வழக்கமானதுதான். மணவாழ்க்கையில் தகராறு, 2022-இல் மனைவி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில், மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான 498ஏ பிரிவில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. இவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுத்து நம்பர் கொடுத்தார். சம்மன் ஊர் முகவரிக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பியது. புகார் உண்மையா பொய்யா என்பது இங்கே பேச்சில்லை. அதை அந்த நீதிமன்றம் பார்க்கும்.

1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் புதிதாகத் தர மறுப்பதற்கான காரணங்கள் 6-ஆவது பிரிவிலும், கொடுத்ததை முடக்குவதற்கும் ரத்து செய்வதற்குமான காரணங்கள் 10(3)-லும் இருக்கின்றன. பொய்த் தகவல் கொடுத்து வாங்கியது, நாட்டின் பாதுகாப்பு, பொதுநலன் என்று அந்தப் பட்டியல் போகும். குடும்ப வழக்குகளில் பெரும்பாலும் வருவது “இந்தியாவில் குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருப்பது” என்ற காரணம்தான். மறுப்புக்கும் அது பொருந்தும், முடக்கத்துக்கும் பொருந்தும்.

இதில் ‘நீதிமன்றத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். இருப்பது மட்டும் இதற்குப் போதாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்தால்தான் நிலுவை என்று கணக்கு. வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் ஒரு குறிப்பாணையில் இதைச் சொல்லியிருக்கிறது. அப்படியும் போலீஸ் விசாரணை அறிக்கையில் ‘வழக்கு உள்ளது’ என்று ஒரு வரி வந்தவுடன் விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பதைப் பார்க்கிறேன். உங்கள் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையோ எஃப்.ஐ.ஆர். எண்ணையோ போட்டுத் தேடலாம். அங்கே நீதிமன்றம் கொடுக்கும் வழக்கு எண்ணான சி.சி. நம்பர் வந்துவிட்டதென்றால் நிலுவை வந்துவிட்டது. அதன் பிறகு விண்ணப்பப் படிவத்தில் ‘வழக்கு இல்லை’ என்று எழுதினால், தகவலை மறைத்தார் என்று இன்னொரு காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

என் கட்சிக்காரருக்கு சி.சி. நம்பர் இருந்தது. ஆகவே நிலுவை இல்லை என்று வாதாட வழியில்லை. வேறு இரண்டு இடங்கள் இருந்தன.

முதலாவது, சட்டம் ‘முடக்கலாம்’ என்கிறது, ‘முடக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஏன் முடக்குகிறோம் என்று அதிகாரி காரணத்தை எழுத வேண்டும். பாஸ்போர்ட்காரர் கேட்டால் நகல் கொடுக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு போன்ற காரணங்களுக்காக மட்டும் நகலை மறுக்கலாம். 1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ‘பொதுநலன் கருதி’ முடக்கிவிட்டுக் காரணம் சொல்ல முடியாது என்றார்கள். அந்த வழக்கில்தான், 1978-இல், வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், அதைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசரம் என்றால் முடக்கிய கையோடு கேட்கலாம். கேட்காமலே விட்டுவிட முடியாது.

இரண்டாவது, அந்தக் கேட்கும் வாய்ப்பு உண்மையில் அவரிடம் வந்து சேர்ந்ததா? அலுவலகக் கோப்பின் நகலை வாங்கிப் பார்த்தேன். முதல் தாளே மனைவி தரப்பு அனுப்பிய கடிதம். அதில் இவர் எந்த நாட்டில், எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆள் வெளிநாட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே நோட்டீஸை ஊர் முகவரிக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். அங்குள்ள தூதரகம் வழியாகவோ மின்னஞ்சலிலோ ஒரு முயற்சிகூட இல்லை.

பாஸ்போர்ட் அலுவலகத்தின் உத்தரவுக்கு எதிராக 30 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். டெல்லியில் உள்ள தலைமை பாஸ்போர்ட் அதிகாரிதான் அதை விசாரிப்பவர். மத்திய அரசே நேரடியாகப் போட்ட உத்தரவென்றால் இந்த வழி கிடையாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு 30 நாள் எப்போதோ போய்விட்டது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பிரிக்காத அந்த இரண்டு கவர்களின் படம், உத்தரவு தனக்கு எப்போது தெரியவந்தது என்று அவர் எழுதிய சத்தியப் பிரமாணம், கோப்பின் முதல் தாள் மூன்றையும் வைத்தோம். தாமதத்தை மன்னித்து, உத்தரவை ரத்து செய்து, மறுபடி விளக்கம் கேட்டு முடிவு செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அது பாதிக் கிணறு. வழக்கு நிலுவையில் இருக்கும்வரை புதுப்பிக்கும்போது மறுப்பு வரும். அதற்கு 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அறிவிக்கை ஒன்று இருக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றமே வெளிநாடு செல்ல அனுமதி கொடுத்தால் பாஸ்போர்ட் தரலாம். இவர் ஏற்கெனவே அங்கே இருப்பவர். அதனால் வக்கீல் வழியாக ஆஜராகி, நேரில் வருவதிலிருந்து விலக்கு கேட்டு, அழைக்கும்போது வருவதாக உறுதி எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கினோம்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். மனுவில் ‘பாஸ்போர்ட் புதுப்பிக்க அனுமதிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினேன். எத்தனை ஆண்டுக்கு என்று கேட்கவில்லை. நீதிமன்றமும் எழுதவில்லை. அப்படிக் காலம் குறிப்பிடாத உத்தரவுக்கு அந்த அறிவிக்கைப்படி ஓராண்டு பாஸ்போர்ட்தான் வரும். வந்தது. அவருடைய கம்பெனி, பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருந்தால்தான் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்போம் என்றது. ஆக, கைக்கு வந்த ஓராண்டில் பயன்பட்டது ஆறு மாதம். மறுபடி மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்றேன். இந்த முறை பத்தாண்டு என்று எழுத்தில் கேட்டேன்.

இப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து யாராவது இப்படி அழைத்தால், வழக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியில் இப்போது யார் இருக்கிறார்கள், தபால் வந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்புவார்களா?