டயர் கம்பெனி கதவு செய்கிறதா?

பெரம்பூரிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னணி, உரிமையாளர், தொழில்துறை ஆகியவற்றைக் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்பது வணிகவியல் ஆசிரியர் கொடுத்த செயல்திட்டம். மாணவி எடுத்துக்கொண்டது எம்.ஆர்.எஃப். அதன் பதிவு எண்ணில் இருக்கும் தொழில் குறியீட்டை அரசின் பட்டியலில் தேடினால் ‘உலோகக் கதவு, ஜன்னல், ஷட்டர் தயாரிப்பு’ என்று வருகிறதாம். “டயர் கம்பெனி கதவும் செய்கிறதா, ஐயா? இதை அப்படியே எழுதலாமா?” என்று கேட்கிறார்.

எழுத வேண்டாம் அம்மா. ஆனால் இணையத்தில் கிடைத்த நான்கு பத்தியை அச்செடுத்து அட்டை போட்டுக் கொடுக்காமல், பதிவு எண்ணிலிருந்து தொடங்கினீர்கள் பாருங்கள், அதுதான் சரியான வழி. இந்தியாவில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி அதைக் கடிதத்தாளிலும் பில்லிலும் அச்சிட்டே ஆக வேண்டும். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தாலும் இலவசமாகக் கிடைக்கும். எம்.ஆர்.எஃப்-இன் எண் இது:

```
L25111TN1960PLC004306
```

முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். U என்றால் பட்டியலிடப்படாதது. TN தமிழ்நாடு. கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிவான நிறுவனங்களுக்கு மட்டும் TZ என்று இருக்கும். அதைப் பார்த்து வேறு மாநிலம் என்று நினைத்துவிட வேண்டாம். PLC என்பது பொது நிறுவனத்தைக் குறிக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியத்தின் எண்ணில் அதே இடத்தில் GOI என்று இருக்கும், அது மத்திய அரசு நிறுவனம் என்பதால். கடைசி ஆறு இலக்கம் பதிவாளர் அலுவலகத்தின் வரிசை எண். அதைக் கூட்டினால் 13 வருகிறது, மேலும் கூட்டினால் 4, ராகுவின் எண் என்று எண்கணிதக்காரர்கள் பதறக்கூடும். வரிசையில் 4,305க்கு அடுத்து வந்தது, அவ்வளவுதான். அந்த எண்ணோடு நாட்டின் முன்னணி டயர் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

ஆண்டைப் பார்க்கும்போது ஒரு கவனம் தேவை. 1960 என்பது நிறுவனமாகப் பதிவான ஆண்டு. தொழில் தொடங்கியது 1946இல். திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்தார் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை. பிறகு டயர்களுக்கு மேற்பட்டை ஒட்டும் ரப்பர், அதன் பிறகே டயர். செயல்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளையும் எழுதி, எது எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 25111. எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தேசியத் தொழில் வகைப்பாட்டில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பிரிவு. அடுத்தடுத்த இலக்கங்கள் அதை நுணுக்கிக்கொண்டே போகும். 2004ஆம் ஆண்டின் பட்டியலில் 25 என்றால் ரப்பர், பிளாஸ்டிக் பொருள்கள். 2511 என்றால் டயர், டியூப். 2008இல் ஐ.நா.வின் உலக வகைப்பாட்டைப் பின்பற்றி நம் பட்டியலையும் திருத்தினார்கள். எம்.ஆர்.எஃப்-இன் அடையாள எண்ணில் பழைய குறியீடே நிற்கிறது. மாணவி தேடியது புதிய பட்டியலில்.

பழைய பட்டியலில் உற்பத்தித் தொழில்கள் 15இல், அதாவது உணவுப் பொருள்களில், தொடங்கின. புதியதில் 10இலேயே தொடங்குகின்றன. ஆகவே எல்லாப் பிரிவும் ஐந்து படி கீழே இறங்கியிருக்க வேண்டும். 25இல் இருந்த ரப்பர் 20க்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இடையில் இரண்டு தொழில்கள் தனிக்குடித்தனம் போய்விட்டன. உணவோடு சேர்ந்திருந்த பானங்கள் தனிப் பிரிவாயின. ரசாயனத்துக்குள் இருந்த மருந்துத் தயாரிப்பும் தனியாகப் பிரிந்தது. ஆக, ஐந்து இறங்கி இரண்டு ஏறினால் 22. புதிய பட்டியலில் 22ஐப் புரட்டிப் பாருங்கள்: ரப்பர், பிளாஸ்டிக். 2211 டயர், டியூப். வால் அப்படியே இருக்கிறது, தலை மட்டும் மாறியிருக்கிறது. உலோகப் பொருள்கள் பழையதில் 28. அதே கணக்கில் ஐந்து இறங்கி இரண்டு ஏறி, ரப்பர் காலி செய்த 25இல் வந்து உட்கார்ந்துகொண்டன. மாணவி கண்ட கதவு அப்படித்தான் வந்தது.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் போட்டுவிட முடியாது. பழைய பட்டியலின் 29 முதல் பிரிவுகளைச் சேர்த்தும் கலைத்தும் அடுக்கியிருக்கிறார்கள். அசோக் லேலண்டின் எண் L34101 என்று தொடங்கும். பழைய பட்டியலில் 34 மோட்டார் வாகனம். புதியதில் அது 29க்குப் போய்விட்டது, 34 என்ற பிரிவே கிடையாது. தேடியது கிடைக்காவிட்டால் பட்டியல் எந்த ஆண்டினது என்று பார்ப்பதே முதல் வேலை. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. பெரிய பட்டியல் நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு வெளியிடும் பொறுப்புணர்வு அறிக்கையில், எந்தப் பொருளிலிருந்து விற்பனையில் எத்தனை சதவீதம் வருகிறது என்பதைத் தொழில் குறியீட்டோடு சொல்ல வேண்டும். பதிவு எண் பழைய கதையைச் சொன்னாலும் அந்த அட்டவணை இன்றைய தொழிலைச் சொல்லிவிடும்.

உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு, அமைச்சக இணையதளத்தில் தெரியும் ‘செலுத்தப்பட்ட மூலதனம்’ உதவாது. எம்.ஆர்.எஃப்-க்கு அது 4.24 கோடி ரூபாய்தான். பத்து ரூபாய் முகமதிப்பில் சுமார் 42.4 லட்சம் பங்குகள். 2023 ஜூனில் ஒரு பங்கின் விலை லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் பெருக்கினால் 42,400 கோடி. இரண்டு எண்ணும் ஒரே நிறுவனத்தைப் பற்றியவைதான். மதிப்பைக் கேட்கும் இடத்தில் முதலாவதை எழுதினால் மதிப்பெண் போகும்.

உரிமைக்குப் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 21 நாளுக்குள் பங்குச் சந்தைகளுக்குத் தர வேண்டிய பங்குதாரர் விவரம். நிறுவனர் தரப்பு ஒரு பக்கம், பொதுப் பங்குதாரர்கள் மறுபக்கம். எம்.ஆர்.எஃப்-இல் நிறுவனர் தரப்பிடம் இருப்பது சுமார் 28 சதவீதம். பாதிகூட இல்லையே, பிறகு எப்படி அவர்கள் கையில் நிர்வாகம் என்று கேட்பீர்கள். நிறுவன விதிகளைத் திருத்துவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்த்து விழும் வாக்குகளைப்போல் மூன்று மடங்காவது ஆதரவு இருந்தால்தான் அது நிறைவேறும். கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் எதிர்த்தால், மற்ற எல்லோரும் ஒன்றுசேர்ந்தாலும் நடக்காது. சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் போதும். ஆனால் மீதி 72 சதவீதம் பரஸ்பர நிதிகளிடமும் ஏராளமான சிறு முதலீட்டாளர்களிடமும் சிதறிக் கிடக்கிறது. ஒட்டுமொத்தமாக எதிர்த்து வாக்களிக்க அவர்கள் திரள்வது அரிது.

அந்தப் பட்டியலில் நிறுவனர் தரப்பின் கீழ் மனிதர்களோடு தனியார் நிறுவனங்களும் இருக்கும். அவற்றின் பங்குதாரர் யார் என்று பார்க்க, அந்த நிறுவனம் பதிவாளரிடம் தாக்கல் செய்த ஆண்டு விவரத்தைத் திறக்க வேண்டும்; U என்று தொடங்கும் எண்ணுக்குச் சந்தையில் எதுவும் வெளியாகாது. அமைச்சக இணையதளத்தில் அதைப் பார்வையிட ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் கட்டணம். பொது ஆவணம் என்று சட்டமே சொல்வதைப் பார்க்கப் பள்ளி மாணவியிடம் காசு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கட்ட முடியாவிட்டால், ‘இந்த நிறுவனத்திடம் இத்தனை சதவீதம்; அதன் பங்குதாரர் விவரம் கட்டண ஆவணத்தில் இருக்கிறது, பார்க்கவில்லை’ என்று, பார்த்த தேதியோடு எழுதிக் கொடுங்கள்.