பங்கு விகிதம் மாறும்போது பழைய லாபம் யாருக்கு?

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, மச்சான் மூவரும் கூட்டாளிகள். இதுவரை லாபத்தை 5:3:2 என்று பிரித்துக்கொண்டார்கள். இப்போது அண்ணன் மாலையில் மட்டும்தான் கடைக்கு வருகிறார். கொள்முதலும் வசூலும் மச்சான் தலையில். அதனால் ஏப்ரல் 1 முதல் மூவருக்கும் சமபங்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். புதிதாக யாரும் சேரவில்லை, யாரும் விலகவும் இல்லை. கூட்டாண்மைப் பத்திரத்தில் ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

முடியாது. மார்ச் 31 அன்று கடையில் பழைய காலத்துச் சொத்து சில பிரிக்கப்படாமல் கிடக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டால், பிறகு என்றைக்குப் பிரித்தாலும் சமபங்காகத்தான் போகும். பாதிப் பங்குக்காரராக இருந்தபோது அண்ணனுக்குச் சேர்ந்தது, சத்தமில்லாமல் மற்ற இருவருக்கும் போய்விடும்.

முதலில் யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்போம். மொத்த லாபத்தை 30 பங்காக வைத்தால் கணக்கு சுலபம். பழையபடி அண்ணனுக்கு 15, தம்பிக்கு 9, மச்சானுக்கு 6. இனி ஆளுக்கு 10. ஆக, அண்ணன் 5 பங்கை இழக்கிறார். அதில் 4 மச்சானுக்கும் 1 தம்பிக்கும் போகிறது. இழந்தது தியாகம், பெற்றது ஆதாயம் என்று கணக்குப்பதிவியலில் சொல்வார்கள். இங்கே தம்பியைக் கவனிக்க வேண்டும். ‘இது அண்ணனுக்கும் மச்சானுக்கும் உள்ள விவகாரம்’ என்று அவர் ஒதுங்கியிருப்பார். ஆனால் அவருக்கும் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அதற்கு அவரும் விலை கொடுக்க வேண்டும்.

எதற்கு விலை? நற்பெயருக்கு. இந்தக் கடைக்குக் கொத்தனாரும் பிளம்பரும் தேடி வருவது பல வருட உழைப்பின் பலன். அந்த வாடிக்கையால் வரும் கூடுதல் லாபம் இனிமேல்தான் வரும், வரும்போது சமபங்காகப் பிரியும். நற்பெயர் நிறுவனத்தின் சொத்து என்று 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. சராசரி ஆண்டு லாபம் 3,00,000 ரூபாய், அதை இரண்டு மடங்காக்கி நற்பெயர் மதிப்பு 6,00,000 என்று மூவரும் ஒப்புக்கொண்டதாக வைப்போம். எத்தனை மடங்கு என்பது பேச்சுவார்த்தையில் முடிவாவது. உண்மையான சண்டை நடப்பதும் அந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

ஆனால் இந்த ஆறு லட்சத்தைச் சொத்தாகப் புத்தகத்தில் ஏற்ற முடியாது. தானாக வளர்ந்த நற்பெயரைச் சொத்தாகக் காட்டக்கூடாது என்று இந்தியக் கணக்கியல் தரம் 26 சொல்கிறது. விலை கொடுத்து வாங்கியதை மட்டுமே காட்டலாம். அதனால் கூட்டாளிகள் போட்ட முதலைக் காட்டும் முதல் கணக்குகளுக்குள்ளேயே சரிக்கட்ட வேண்டும். அண்ணன் இழந்தது முப்பதில் ஐந்து. ஆறு லட்சத்தில் அது 1,00,000. பதிவு இப்படி வரும்:

தம்பி முதல் கணக்கு — பற்று 20,000
மச்சான் முதல் கணக்கு — பற்று 80,000
அண்ணன் முதல் கணக்கு — வரவு 1,00,000

சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. மறுநாளே கடையை ஒருவர் வாங்கி, நற்பெயருக்கு மட்டும் ஆறு லட்சம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது விகிதப்படி ஆளுக்கு 2,00,000. அண்ணனுக்கு ஏற்கெனவே வரவான ஒரு லட்சத்தைச் சேர்த்தால் மூன்று லட்சம், அதாவது அவருடைய பழைய பாதி. தம்பிக்கு இருபதாயிரம் கழித்து 1,80,000. மச்சானுக்கு எண்பதாயிரம் கழித்து 1,20,000. பழைய 5:3:2 அப்படியே திரும்பி வருகிறது.

அடுத்தது, லாபத்தில் பிரிக்காமல் ஒதுக்கி வைத்த காப்பும் சேர்ந்த லாபமும். கடையின் இருப்புநிலைக் குறிப்பில் பொதுக்காப்பு 2,40,000 இருக்கிறது. அதோடு சொத்துப் பக்கத்தில் விளம்பரச் செலவு 30,000, இன்னும் எழுதித் தள்ளாமல் நிற்கிறது. அது சொத்து மாதிரி தெரிந்தாலும் உண்மையில் பிறகு கழிக்கலாம் என்று தள்ளிப்போட்ட பழைய செலவு. இரண்டுமே மார்ச் 31க்கு முந்தைய கதை என்பதால் பழைய விகிதத்தில்தான் பிரிய வேண்டும். காப்பில் அண்ணனுக்கு 1,20,000, தம்பிக்கு 72,000, மச்சானுக்கு 48,000 வரவு. விளம்பரச் செலவில் முறையே 15,000, 9,000, 6,000 பற்று. நிகரமாக அண்ணனுக்கு 1,05,000, தம்பிக்கு 63,000, மச்சானுக்கு 42,000. இங்கே தியாக விகிதத்துக்கு வேலையே இல்லை. பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: நற்பெயரைப் போலவே காப்பையும் தியாக விகிதத்தில் பிரித்துவிடுவார்கள்.

சில கடைகளில் காப்பைக் கலைக்க மனம் வராது. வங்கிக்காரர் பார்க்கும் குறிப்பில் அது இருந்தால் நல்லது என்று நினைப்பார்கள். சரி, அப்படியே விட்டுவிடலாம். அப்போதுதான் தியாக விகிதம் உள்ளே வருகிறது. நிகரத் தொகையான 2,10,000ஐ நற்பெயரைப் போலவே நடத்த வேண்டும்: அண்ணனுக்கு முப்பதில் ஐந்து, அதாவது 35,000 வரவு, தம்பிக்கு 7,000, மச்சானுக்கு 28,000 பற்று. காப்பும் விளம்பரச் செலவும் குறிப்பில் பழையபடியே நிற்கும். பின்னாளில் அதே தொகையைப் பிரித்தால் ஆளுக்கு 70,000. அண்ணனுக்கு 35,000 கூட்டினால் 1,05,000, தம்பிக்கு 7,000 கழித்தால் 63,000, மச்சானுக்கு 28,000 கழித்தால் 42,000. எந்த வழியில் போனாலும் சேருமிடம் ஒன்று. இரண்டு வழியையும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

புத்தகத்தில் ஏற்கெனவே நற்பெயர் என்று ஒரு தொகை நின்றால் கவனம் வேண்டும். முன்பு பக்கத்துக் கடையை வாங்கியபோது கொடுத்த 90,000 இன்னும் அப்படியே இருக்கிறது என்று வைப்போம். ஆறு லட்சத்துக்குள் இதுவும் அடக்கம். அதனால் முதலில் இதைப் பழைய விகிதத்தில் 45,000, 27,000, 18,000 என்று எழுதித் தள்ளிவிட்டுத்தான் மேலே சொன்ன பதிவைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நற்பெயருக்கு இரண்டு முறை பங்கு கணக்காகும்.

இந்தப் பதிவுகளில் ரொக்கம் எதுவும் அசையவில்லை. நற்பெயர்ப் பதிவு மூவரின் மொத்த முதலையும் மாற்றாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்த்தும். ஆனால் பத்திரத்தில் முதலுக்கு 12 சதவீதம் வட்டி என்று எழுதியிருந்தால், அண்ணனுக்கு ஆண்டுக்கு 12,000 கூடும், மச்சானுக்கு 9,600, தம்பிக்கு 2,400 குறையும். அது வேண்டாம் என்றால் தம்பியும் மச்சானும் அந்த ஒரு லட்சத்தைத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து அண்ணனிடம் கொடுத்துவிடலாம். அப்போது நற்பெயருக்காகக் கடைப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.