சாச்சுரேஷன் 98, ஆனால் மூச்சு தீர்ந்துகொண்டிருக்கிறது

விரலில் மாட்டும் கருவி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை, அதாவது சாச்சுரேஷனை, 98 என்று காட்டுகிறது. நோயாளி பேசுகிறார், காபி கேட்கிறார். ஆனாலும் பணியில் இருக்கும் மருத்துவர் அவரை ஐசியூவுக்கு மாற்றச் சொல்கிறார். "நல்லாத்தானே இருக்காரு, எதுக்கு டாக்டர்?" என்று மனைவி கேட்பது நியாயமான கேள்வி. கில்லன் பாரே நோயாளிகள் இருக்கும் வார்டில் அடிக்கடி காதில் விழும் கேள்வியும்கூட.

இந்த நோயில் நுரையீரலில் எந்தப் பழுதும் இல்லை. ஏதோ ஒரு தொற்றை, பெரும்பாலும் வயிற்றுப்போக்கையோ சளிக்காய்ச்சலையோ, எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு மண்டலம் இரண்டொரு வாரத்தில் தன் உடலின் நரம்புகளையே தாக்க ஆரம்பிக்கிறது. பாதத்தில் மதமதப்பு, மாடிப்படி ஏறுவதில் சிரமம் என்று தொடங்கும் பலவீனம் மேலே ஏறுகிறது. உதரவிதானத்துக்கும் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளுக்கும் போகும் நரம்புகளை அது எட்டினால் மூச்சு சிக்கலாகிறது. துருத்தி நன்றாக இருக்கிறது, இழுக்கும் கைதான் ஓய்ந்துபோகிறது. இந்நோய் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும்.

சாச்சுரேஷன் ஏன் ஏமாற்றுகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒரு மூச்சுக்கு உள்ளே இழுப்பது அரை லிட்டர் காற்றுதான். முழு பலத்தோடு இழுத்து, முழுவதையும் ஊதி வெளியேற்றினால் அது நான்கு லிட்டரைத் தாண்டும். இந்த முழு அளவுக்குத்தான் உயிர்ப்புத் திறன் என்று பெயர், வார்டு பேச்சில் வைட்டல் கெபாசிட்டி. அரை லிட்டருக்கும் நான்கு லிட்டருக்கும் நடுவே இருப்பது கையிருப்பு. இருமுவதும், பெருமூச்சு விட்டு நுரையீரலின் அடி மூலைகளை விரித்து வைப்பதும் அந்தக் கையிருப்பை வைத்துத்தான். தசை பலவீனமாகும்போது முதலில் கரைவதும் அதுவே. அரை லிட்டர் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் வரை ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாது. சாச்சுரேஷன் விழும் நேரத்தில் கையிருப்பு ஏற்கெனவே காலி.

கார்பன் டை ஆக்சைடு அளவும் இதே வேலையைச் செய்யும். மூச்சின் ஆழம் குறைந்ததை ஈடுகட்ட நோயாளி வேகமாக மூச்சு விடுவார், அப்போது அந்த அளவு இயல்பைவிடச் சற்று இறங்கும். தசை களைத்ததும் மீண்டும் இயல்புக்கு ஏறும். நிமிடத்துக்கு முப்பது முறை மூச்சிரைக்கும் ஒருவரின் அறிக்கையில் 40 என்று வந்தால் அதை நார்மல் என்று படிக்கக் கூடாது. அந்த வேகத்துக்கு அது 40-ஐவிட நன்றாகக் கீழே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே கையிருப்பை நேரடியாக அளக்க வேண்டும். தேவைப்படுவது கையடக்க ஸ்பைரோமீட்டர் ஒன்று. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்குக்கு கிளிப் போட்டு, முடிந்தவரை இழுத்து முழுவதும் ஊதச் சொல்லி, மூன்று முறை செய்து பெரிய எண்ணைக் குறிப்பார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் அதே நிலையில். படுத்த நிலையில் அளவு கால்பங்குக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் பலவீனமாகிறது என்று சந்தேகிக்கலாம். இங்கே ஒரு பொறியும் உண்டு. முகத்தசை பலவீனமானவருக்கு உதடு குழாயைக் கவ்வாது, ஓரத்தில் காற்று கசியும், எண் பொய்யாகக் குறையும். அப்போது வாய்க்குழாயை விட்டுவிட்டு முகமூடியை இறுக்கிப் பிடித்து அளப்பார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வயது 42, உயரம் 168 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடை 64 கிலோ. (தராசு காட்டும் எடையில் கணக்குப் போடக் கூடாது, தொப்பைக்கு நுரையீரல் வளராது.) அனுமதித்த மாலை அவர் ஊதியது 3.2 லிட்டர், அதாவது கிலோவுக்கு 50 மில்லி. மறுநாள் காலை 2.7. மதியம் 12 மணிக்கு 2.4. மாலை 4 மணிக்கு 1.9, கிலோவுக்கு 30 மில்லி. ஐசியூவுக்கு மாற்றச் சொன்னது இங்கேதான். முதல் அளவிலிருந்து முப்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தாலே எச்சரிக்கை. கிலோவுக்கு 30 மில்லி அளவில் இருமலுக்கு வலு போய்விடுகிறது, சளி தொண்டையிலேயே தங்குகிறது.

இரவு 8 மணிக்கு 1.4 லிட்டர், கிலோவுக்கு 22 மில்லி. சாச்சுரேஷன் 97.

மூச்சுக்குழலில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்கப் புத்தகம் சொல்லும் கோடு கிலோவுக்கு 20 மில்லி, இவர் அதற்கு இன்னும் மேலேதான் இருக்கிறார். காத்திருக்கலாமா? என் கணிப்பில் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு அரை லிட்டர் வீதம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதே வேகத்தில் போனால் நள்ளிரவில் 0.9 லிட்டர், கிலோவுக்கு 14 மில்லி. தூக்கத்தில், அதிலும் கனவு காணும் கட்டத்தில், மற்ற தசைகள் தளர்ந்து உதரவிதானம் மட்டுமே மூச்சை இழுக்கிறது. அதுவே பலவீனம் என்றால் இரவு மூன்று மணிக்கு ஓடிவந்து அவசரமாகக் குழாய் போட நேரிடும். ஓர் எண்ணைவிட அது விழும் வேகம் அதிகம் சொல்கிறது.

எண்ணை மட்டும் பார்த்தும் முடிவெடுப்பதில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார்கள். கழுத்தை முன்னே மடக்கும் தசைகளுக்கும் உதரவிதானத்துக்கும் நரம்பு வருவது ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து. தலை எழவில்லை என்றால் மூச்சும் பின்தொடரக்கூடும். மூச்சிழுக்கும்போது வயிறு உப்பாமல் உள்ளே போகிறதா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, எச்சில் வாயில் தேங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். விழுங்க முடியாதவருக்கு எண் நன்றாக இருந்தாலும் குழாய் தேவைப்படலாம்.

ஸ்பைரோமீட்டர் இல்லாத இடத்தில் ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள், நொடிக்கு இரண்டு எண் வீதம். ஆரோக்கியமானவர் நாற்பதைத் தாண்டுவார். இருபதுக்குள் மூச்சு நின்றால் கவலைப்பட வேண்டும். தமிழில் எண்ணும்போது கவனம் வேண்டும்: 'ட்வென்டி ஒன்'னைவிட 'இருபத்தியொன்று' சொல்லக் கூடுதல் நேரம் பிடிக்கும். காலையில் ஆங்கிலத்தில் எண்ணியவரை மாலையில் தமிழில் எண்ணச் சொன்னால் ஒப்பீடு கெட்டுப்போகும். கட்டுவிரியன் கடித்து இமை சரிந்தவர்களிடமும் இதே எண்ணிக்கை உதவும். அங்கே எல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

நம் ஆளுக்கு இரவு எட்டரை மணிக்குக் குழாய் போட முடிவாகிறது. முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து ஓட்டலாமே என்று தோன்றும். நரம்பின் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத மையஸ்தீனியா நோயில் அது சிலருக்குக் கைகொடுக்கும். இங்கே சளியைத் துப்ப முடியாதவருக்கு அது முடிவைத் தள்ளிப்போடுவதாகவே ஆகும். குழாய் போடத் தசைகளைத் தளர்த்தும் மருந்துகளில் மயக்க மருந்து நிபுணர் சக்சினைல்கோலினைத் தொடமாட்டார். நரம்புத் தொடர்பு இழந்த தசையிலிருந்து அது பொட்டாசியத்தை மளமளவென்று வெளியே தள்ளி இதயத்தை நிறுத்திவிடும். அதற்குப் பதில் ரோக்குரோனியம். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இந்நோயில் தாறுமாறாக ஆடும் என்பதால் அதற்கான மருந்துகளையும் முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றிவைத்திருப்பார்.

குழாய் போட்ட பிறகு மனைவியிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மயக்க மருந்து தெளிந்ததும் அவருக்குக் காது கேட்கும், எல்லாம் புரியும், பேச மட்டும் முடியாது. 'ஆம்' என்றால் ஒருமுறை, 'இல்லை' என்றால் இருமுறை கண் சிமிட்டச் சொல்லிப் பழக்குவார்கள். நரம்புகள் மீதான தாக்குதலை அடக்கும் இம்யூனோகுளோபுலின் மருந்து ஐந்து நாள் ஏறும். வென்டிலேட்டர் பல வாரங்கள்கூட நீளலாம். தினமும் காலையில் உயிர்ப்புத் திறனை அளப்பார்கள், இம்முறை குழாய் வழியாக. கிலோவுக்கு 15 மில்லியைத் தாண்டி ஏறத் தொடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துப் பார்ப்பார்கள். எண் ஏறும் அந்த நாட்களில் தலையும் தலையணையை விட்டு ஓரங்குலம் எழும்.