வெறும் வயிற்றுச் சர்க்கரை 97, பிறகு ஏன் பிரீமியம் ஏறியது?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 39. ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி கேட்டு விண்ணப்பித்தார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். பத்து நாள் கழித்து, “மேலும் சில பரிசோதனைகள் தேவை” என்று கடிதம் வந்தது. அவற்றையும் செய்து அனுப்பினார். அப்புறம் வந்த பதிலில், 16,000 ரூபாய் என்று சொல்லியிருந்த ஆண்டு பிரீமியம் 21,600 ஆகியிருந்தது. “சம்மதம் என்றால் கையெழுத்திட்டு அனுப்பவும்.” அவருடைய கேள்வி: “என் வெறும் வயிற்றுச் சர்க்கரை 97 தானே சார், நார்மல் என்றுதானே ரிப்போர்ட்டில் இருக்கிறது?”

அவர் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். முதல் முறை ஹெச்பிஏ1சி 6.6. ஹீமோகுளோபின் 9.6. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான், விண்ணப்பதாரரின் அபாயத்தை எடைபோடும் நிறுவன அதிகாரியான அண்டர்ரைட்டர் கூடுதல் பரிசோதனை கேட்டிருக்கிறார். நல்ல அண்டர்ரைட்டர் செய்ய வேண்டியதும் அதுதான்.

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், சிவப்பணுக்களுக்குள் போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எந்த என்சைமும் உதவுவதில்லை, சும்மா மோதி மோதி ஒட்டுகிறது. முதலில் லேசாக ஒட்டும், விட்டும் போகும். சிறிது நேரத்தில் அந்த மூலக்கூறின் அமைப்பு மாறி இறுகிவிட்டால், பெரும்பாலும் அந்தச் சிவப்பணு சாகும் வரை அது போகாது. ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் இப்படி ஒட்டியிருக்கிறது என்பதே ஹெச்பிஏ1சி. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது முன்நிலை.

இதை எனக்குப் பிடித்த ஒரு காட்சியாகச் சொல்கிறேன். அடுப்படியில் ஒரு கொடி. அதில் 120 துணிகள். தினமும் புதிதாக ஒரு துணி போடுகிறோம், பழையதில் மூத்த துணியை எடுத்துவிடுகிறோம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் இந்த எண்ணிக்கை. நேற்று தாளித்த புகை, அன்று கொடியில் கிடந்த எல்லாத் துணிகளிலும் படிந்தது. அவற்றில் அநேகமாக எல்லாம் இன்னும் கொடியில்தான் இருக்கின்றன. நூறு நாளுக்கு முன் தாளித்த புகையும் அன்றிருந்த எல்லாவற்றிலும் படிந்தது, ஆனால் அவற்றில் 20 துணிதான் இன்று மிச்சம். ஆகவே ஒவ்வொரு நாளின் புகைக்கும் ஒரே எடை இல்லை. இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தால், கடைசி 30 நாளின் பங்கு சுமார் 44 சதவீதம். 90 முதல் 120 நாளுக்கு முந்தைய மாதத்தின் பங்கு 6 சதவீதம்கூட எட்டிப்பிடித்துத்தான் வரும். “மூன்று மாதச் சராசரி” என்று நாம் சொல்வது உண்மையில் அண்மை நாட்களின் பக்கம் சாய்ந்த சராசரி.

டெஸ்ட்டுக்கு முன் மூன்று நாள் இனிப்பை நிறுத்துவதும், காலையில் வெந்தயத் தண்ணீர் குடிப்பதும் இதில் ஏன் பலிப்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். மூன்று நாள் அடுப்பை மூடி வைத்தாலும் கொடியில் இருக்கும் வாடை போகாது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு அந்தத் தந்திரம் சில நேரம் பலிக்கலாம். அதனால்தான் அண்டர்ரைட்டருக்கு இந்த எண்ணின் மேல் அதிக நம்பிக்கை.

இந்த வாசகியிடம் அந்த நம்பிக்கையை அப்படியே வைக்க முடியாது. காரணம் ஹீமோகுளோபின் 9.6. கூடுதல் பரிசோதனையில் அவருடைய சிவப்பணுக்களின் சராசரி அளவு 71 ஃபெம்டோலிட்டர் என்று வந்தது (80க்கு மேல் இருக்க வேண்டும்). உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் மிகக் குறைவு. அதாவது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு இல்லாதபோது எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை முன்போல அனுப்பாது. கொடியில் புதுத்துணி விழுவது குறைகிறது, இருப்பதில் பெரும்பாலும் பழையவை. அடுப்படியில் புகை கூடவே இல்லை, ஆனாலும் வாடை தூக்கலாக அடிக்கும். இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவ்வளவு பேர் ரத்தசோகையோடு இருக்கும் நாட்டில் இந்த எண்ணை எந்த அளவுக்குத் திருத்திப் படிக்க வேண்டும் என்ற ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் லோடிங், அதாவது பிரீமியத்தில் ஏற்றிய கூடுதல் தொகை, அநியாயமா? இல்லை. கூடுதலாகக் கேட்ட பரிசோதனைகளில் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமும் உண்டு. அதில் 152 வந்தது. 140 முதல் 199 வரை முன்நிலை. இந்தச் சோதனை ரத்தத்தில் ஓடும் சர்க்கரையையே நேராக அளக்கிறது. சிவப்பணுவின் வயது அதைத் தொடாது. சாம்பல் மூடிக் குழாயில் எடுத்ததையும் ரிப்போர்ட் சொல்கிறது. அதிலுள்ள ஃப்ளூரைடு, குழாய்க்குள் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்று எண்ணைக் குறைத்துவிடாமல் தடுக்கும். ஆக 6.6 கொஞ்சம் ஊதிய எண், 152 ஊதாத எண். சிறுநீரில் புரதம் கசியவில்லை என்பது அவருக்குச் சாதகமாகப் போயிருக்கும்.

இவற்றைப் பிரீமியமாக மாற்றும் முறை பழையது. நியூயார்க் லைஃப் கம்பெனியைச் சேர்ந்த ஆர்தர் ஹண்டரும் ஆஸ்கர் ராஜர்ஸும் 1919இல் வெளியிட்ட எண் முறையின் வழித்தோன்றல்தான் இன்றைய கணக்கு. சராசரி ஆளுக்கு 100. பாதகமான ஒவ்வொன்றுக்கும் புள்ளி கூடும், சாதகமானதற்குக் குறையும். இவருக்குக் கூட்டல் 50 போட்டிருக்கிறார்கள். அதாவது இவரைப் போன்றவர்களில், சராசரியாக 100 இறப்பு எதிர்பார்க்கும் இடத்தில் 150 என்று கணக்கு. இவர் இறந்துவிடுவார் என்று அர்த்தமில்லை, குழுவைப் பற்றிய மதிப்பீடு. பிரீமியம் 50 அல்ல, 35 சதவீதம்தான் ஏறியது. காரணம் பிரீமியத்தில் நிர்வாகச் செலவும் கலந்திருக்கிறது. இறப்பு அபாயத்துக்கான பகுதி மட்டுமே பெருகும்.

அண்டர்ரைட்டர் கேட்பதை எப்படி எதிர்கொள்வது? கேட்டதைத் தாமதமில்லாமல் செய்யுங்கள், குறித்த தேதிக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். சாப்பிடும் இரும்பு மாத்திரையை மறைக்காமல் எழுதுங்கள். முதல் மூன்று ஆண்டுகளில், மறைத்த தகவலைக் காரணம் காட்டி நிறுவனம் பாலிசியைக் கேள்விக்குட்படுத்த முடியும். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு மூன்று ஆண்டு கழிந்தபின்தான் பாதுகாக்கிறது. லோடிங்குக்கு எந்தக் கண்டுபிடிப்பு காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். வாசகி கேட்டார், “குளுக்கோஸ் சகிப்புக் குறைவு” என்று பதில் வந்தது.

அவர் இப்போது கையெழுத்திடலாம், பாலிசி கிடைத்தபின் 30 நாள் யோசிக்கும் அவகாசமும் உண்டு. இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபரிசீலனை கேட்பதாக இருந்தால் உடனே ஹெச்பிஏ1சி எடுக்க வேண்டாம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் கொடியில் புதுத்துணிகள் குவியும், எண் பொய்யாகக் குறைந்து காட்டும். ஹீமோகுளோபின் சரியாகி மூன்று நான்கு மாதம் கழிந்தபின் எடுக்கும் எண்தான் பேசும். அதனுடன் இரண்டு மணி நேரச் சர்க்கரையையும் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 152 அப்படியே நின்றால் லோடிங்கும் நிற்கும்.